ஷாலை முதலில் எடுங்கள்: அலுவலகத்துக்கான சுடிதார் செட்டில் நிறம் சேர்க்கும் முறை

என் அக்கா மகளுக்குச் சென்னையில் முதல் வேலை கிடைத்தது. சேருவதற்கு முந்தைய வாரம் தி.நகரில் ஒரே நாளில் ஐந்து செட் வாங்கி வந்துவிட்டாள். ஐந்திலும் டாப், பேண்ட், ஷால் மூன்றும் ஒரே நிறம். வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து செட், கணக்கு சரியாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து நான் போனபோது அவள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தது இரண்டு செட்தான். மீதி மூன்றும் அலமாரியில் மடித்தபடி கிடந்தன.

ஏன் என்று கேட்டேன். ஒன்றொன்றாக எடுத்துக் காட்டினாள். கத்தரிப்பூ நிற செட்டில் டாப் வெளுத்துவிட்டது, ஷால் புதுசு போலவே இருந்தது. பச்சை செட்டில் டாப் காட்டன், ஷால் ஷிஃபான். கடைக்குள் ஒரே பச்சையாகத் தெரிந்தது, பஸ் ஸ்டாப் வெயிலில் ஷால் நீலம் பாய்ந்து தனியாகத் தெரிகிறதாம். மெரூன் ஷால் சாயம் விட்டதில் சந்தன நிற டாப் ஒன்றின் தோள்பட்டை முழுக்க ரோஸ் கறை.

மூன்றுமே வாங்கும்போதே யோசித்திருக்கக்கூடிய விஷயங்கள். புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் துணி எடுக்கும்போது எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ரெடிமேடாக எடுத்தாலும், மெட்டீரியல் எடுத்துத் தைத்தாலும் வரிசை ஒன்றுதான். துப்பட்டாவை நம் ஊரில் ஷால் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஷால், பிறகு டாப்

கடையில் நாம் கேட்பது "இந்த டாப்புக்கு மேட்சா ஷால் காட்டுங்க" என்பதுதான். இதைத் திருப்பிப் போடுங்கள். பிடித்த ஷாலை முதலில் எடுத்து, அதற்கு டாப் தேடுங்கள்.

காரணம் எளிது. டாப்பும் பேண்டும் ஒற்றை நிறத்தில் எங்கும் கிடைக்கும். எந்த நிறத்தில் கேட்டாலும் பத்துக் கடையில் எட்டில் இருக்கும். ஆனால் மூன்று, நான்கு நிறங்கள் அழகாகச் சேர்ந்திருக்கிற ஷால் தேடினால் சட்டென்று அமைவதில்லை. அப்படி ஒன்று கிடைத்துவிட்டால், எந்த நிறங்கள் சேரும் என்ற முடிவை அச்சுக்காரரோ சாயக்காரரோ நமக்காக ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டார் என்று அர்த்தம். கலம்காரி ஷால் ஒன்றை விரித்துப் பாருங்கள். பழுப்பு வெள்ளைத் தரையில் செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு, சிலவற்றில் அவுரி நீலமும் இருக்கும். இந்த நிறங்களில் எதில் டாப் எடுத்தாலும் அந்த ஷாலோடு ஒட்டும். ஒரே ஷாலுக்கு மூன்று டாப் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு காரணம், ஷால்தான் முகத்துக்கு மிக அருகில் இருப்பது. அலுவலகத்தில் எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் நம் பேண்டைப் பார்ப்பதே இல்லை. வீடியோ காலில் தோளுக்குக் கீழே எதுவும் தெரியாது. "உங்க கலருக்கு இது எடுக்காது" என்று கடையில் யாராவது சொன்னால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஷாலைத் தோளில் போட்டு, வாசல் பக்கம் போய், கைப்பேசியில் முகத்தோடு ஒரு படம் எடுங்கள். முகம் பளிச்சென்று தெரிகிறதா, ஷால் மட்டும் தெரிகிறதா என்பதை நீங்களே பார்த்துவிடலாம்.

வாசல் வெளிச்சத்தில் பார்ப்பது

பச்சை செட்டுக்கு நேர்ந்தது இதுதான். பருத்திக்குப் போடும் சாயம் வேறு, பாலியஸ்டர் ஷிஃபானுக்கும் ஜார்ஜெட்டுக்கும் போடும் சாயம் வேறு. இரண்டு வேறு சாயங்கள் ஒரு வகை விளக்கின் கீழே ஒரே நிறமாகத் தெரியலாம், வெயிலில் பிரிந்துவிடலாம். கண்ணில் குறை இல்லை, கடைக்காரர் ஏமாற்றவும் இல்லை. சாயத்தின் இயல்பு அது.

அதனால் டாப்பும் ஷாலும் வேறு வேறு துணியாக இருந்து, நிறம் மட்டும் ஒன்றாக இருக்கிற செட்டைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டு, கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மாலை ஆறு மணிக்குமேல் போனால் இந்தச் சோதனை நடக்காது. ஒரே நிற செட் எடுப்பதாக இருந்தால் பகலில் போங்கள். வேறு வேறு நிறம் எடுப்பதாக இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. சற்றே நிறம் மாறினாலும் நீலம் நீலமாகவே, மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும்.

வெள்ளைக்கும் இது பொருந்தும். வெள்ளையில் பல வகை. நீலம் போட்டது போன்ற பளீர் வெள்ளை ஒன்று, பால் வெள்ளை ஒன்று, பழுப்பு ஏறிய கோரா வெள்ளை ஒன்று. பளீர் வெள்ளை ஷாலுக்குக் கீழே கோரா வெள்ளை பேண்ட் போட்டால், புதுத் துணியே துவைக்காதது போலத் தெரியும். வெள்ளை பேண்ட் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், ஷால் எடுக்கப் போகும்போது அதைப் பையில் எடுத்துப் போங்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை, சேலைக்கு ரவிக்கைத் துணி எடுக்கச் சேலையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்தானே நாம்.

அடர்த்தியும் வெளிர்வும்

புதிதாக நிறம் சேர்க்கிறவர்கள் எந்த நிறம் எந்த நிறத்தோடு போகும் என்பதையே யோசிக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, இரண்டில் எது அடர்த்தி, எது வெளிர் என்பது. டாப்பும் ஷாலும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால், நிறம் எவ்வளவு வேறாக இருந்தாலும் தள்ளி நின்று பார்க்கும்போது இரண்டும் குழம்பிப்போகும். பாட்டில் பச்சை டாப்பும் மெரூன் ஷாலும் அப்படி. பட்டில் அந்த ஜோடி அழகாக இருப்பதற்கு அங்கே பளபளப்பும் சரிகையும் உதவி செய்கின்றன. மங்கலான காட்டனில், டியூப் லைட்டுக்குக் கீழே, அந்த உதவி இல்லை.

இதைக் கண்டுபிடிக்கக் கையில் ஒரு வழி இருக்கிறது. டாப்பையும் ஷாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். கைப்பேசியின் எடிட்டில் போய்க் கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம். ஒன்று கறுப்புப் பக்கமும் மற்றொன்று வெள்ளைப் பக்கமும் தெளிவாக விலகி நின்றால் எடுக்கலாம். கண் நிறத்தில் மயங்கும், இந்தப் படம் மயங்காது. அக்கா மகள் முதலில் நம்பவில்லை. செங்கல் சிவப்பு டாப்பையும் நேவி ப்ளூ ஷாலையும் வைத்து எடுத்துக் காட்டினேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல். "கண்ணுக்கு நல்லாத்தானே இருக்கு சித்தி?" என்றாள். போட்டுக்கொண்டு அறையின் மறுகோடியில் நிற்கச் சொன்னேன், அங்கிருந்து ஷால் இருக்கிறதே தெரியவில்லை.

தினசரி அலுவலகத்துக்கு எந்தப் பக்கம் அடர்த்தி இருக்க வேண்டும் என்று கேட்டால், இரண்டும் சரியே, ஆனால் எனக்கு வெளிர் டாப், அடர்ந்த ஷால் பிடிக்கும். சாம்பாரோ காபியோ சிந்தினால் ஷால் தாங்கும். இதில் ஒரே ஆபத்து சாயம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டையும் கட்டுகிற மூன்றாவது நூல்

காஞ்சிபுரம் கோர்வைச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் தறியிலேயே கோர்த்து நெய்வதால்தான் அதற்குக் கோர்வை என்று பெயர். மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு, எம்.எஸ். ப்ளூவுக்குச் சிவப்பு என்று எவ்வளவு துணிச்சலான ஜோடிகள். அவை கண்ணை உறுத்தாமல் இருக்க ஒரு காரணம், கரையின் நிறமே முந்தானையிலும் திரும்ப வருவது. ரவிக்கையும் அதே நிறத்தில் இருக்கும். ஒரு நிறம் ஓரிடத்தில் மட்டும் வந்தால் ஒட்டாமல் நிற்கும், இரண்டு இடத்தில் வந்தால் வேண்டுமென்றே வைத்ததாகத் தெரியும்.

செட்டிலும் இதையே செய்யுங்கள். ஷாலின் நிறம் வேறு எங்காவது ஒரு இடத்தில் திரும்ப வர வேண்டும். அதற்கு மிகச் சுலபமான இடம் பேண்ட். கடுகு மஞ்சள் டாப்புக்கு நேவி ப்ளூ ஷால் தனியாகப் போட்டால் எடுத்துப்போட்டது போல இருக்கும், அதே நேவியில் பேண்டும் போட்டால் செட் ஆகிவிடும். இரண்டாவது வழி, டாப்பின் நிறம் ஷாலுக்குள் சிறிதாக வருவது: ஒரு பூவின் நடு, கரையில் ஒரு கோடு, ஓரத்துக் குஞ்சம். ஷாலில் பத்தில் ஒரு பங்கு அந்த நிறம் இருந்தாலே போதும். மூன்றாவது வழி தையல்காரரிடம் இருக்கிறது. டாப்பின் கை ஓரத்திலோ கழுத்துப் பட்டியிலோ ஷாலின் நிறத்தில் மெல்லிய பைப்பிங் வைத்துத் தரச் சொல்லலாம். ரெடிமேட் ஒற்றை நிற டாப்பில்கூடப் பிறகு வைக்க முடியும்.

இரண்டு நிறம் சேர்ந்து, மூன்றாவது வெள்ளையோ சந்தனமோ சாம்பலோ இருந்தால் போதும். மூன்றும் மூன்று பளிச் நிறங்களாக இருப்பது விசேஷ வீட்டுக்கு நன்றாக இருக்கும், வாரம் ஐந்து நாளுக்கு அலுத்துவிடும். கழுத்தில் அடையாள அட்டை மாட்டும் பட்டையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பட்டை தினமும் நெஞ்சின் நடுவே தொங்குகிறது என்றால் அது நான்காவது நிறம்.

டிசைன் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஷாலில் டிசைன் இருந்தால் டாப் ஒற்றை நிறம், டாப்பில் டிசைன் இருந்தால் ஷால் ஒற்றை நிறம், ஆரம்பத்தில் இதிலேயே இருங்கள். இரண்டிலும் டிசைன் வேண்டும் என்றால் ஒன்று பெரிதாகவும் மற்றது பொடியாகவும் இருக்கட்டும். வீடியோ கால் அதிகம் உள்ள வேலையாக இருந்தால் நெருக்கமான மெல்லிய கோடுகளைத் தவிருங்கள், கேமராவில் அவை நெளிந்து ஓடும்.

சாயம் போகுமா என்ற சோதனை

ஷால் கிடக்கிற இடம் கழுத்தும் தோளும். அதிகம் வியர்க்கிற இடமும் அதுவே. மெரூன், நேவி, கறுப்பு, அவுரி நீலம், ராணி பிங்க் இந்த அடர்ந்த நிறங்கள் வெளிர் டாப்பின் மேல் வந்தால், பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்று வந்தாலே சாயம் இறங்கிவிடலாம்.

வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, ஷாலின் உட்புற மூலையில் பத்துப் பதினைந்து முறை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் லேசாக நிறம் வந்தால் பயமில்லை, புதுத் துணியில் மேலோட்டமாக ஒட்டியிருக்கும் சாயம் அது. வீட்டில் இரண்டு மூன்று முறை தனியாக அலசினால் போய்விடும். அழுத்தமாக ஒட்டினால் அந்த ஷாலை வெளிர் டாப்புக்கு எடுக்க வேண்டாம். கடையில் நனைக்க விடவில்லை என்றால் வீட்டுக்கு வந்ததும், டாப்போடு சேர்த்துப் போடும் முன்பே, செய்துவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சாயப்பட்டறையில் சாயம் ஏற்றும்போது உப்புப் போடுவது உண்மை, ஆனால் ஏற்கெனவே சாயமேற்றிய துணியில் நிற்காத சாயத்தை உப்பு நிற்க வைக்காது. நிறம் இறங்காமல் தண்ணீர் தெளியும் வரை அலசுவதே வேலை செய்கிறது.

கத்தரிப்பூ செட் வெளுத்தது வேறு கதை. டாப்பை ஒவ்வொரு முறை உடுத்திய பிறகும் துவைத்தாள். ஷாலை நான்கைந்து முறைக்கு ஒருமுறைதான் துவைத்தாள், அழுக்கே ஆகவில்லை என்று. இரண்டு மாதத்தில் டாப் இரண்டு படி வெளுத்திருந்தது, ஷால் அப்படியே இருந்தது. ஒரே நிற செட் வாங்கினால் மூன்றையும் எப்போதும் சேர்த்தே துவைக்க வேண்டும், உட்புறம் வெளியே திருப்பி நிழலில் காய வைக்க வேண்டும். அது முடியாது என்று தெரிந்தால் ஒரே நிற செட் வாங்காமல் இருப்பது நல்லது. வேறு நிற ஜோடியில் ஒன்று கொஞ்சம் வெளுத்தாலும் யாருக்கும் தெரியாது.

எட்டு உருப்படியில் ஐந்து நாள்

இனி அக்கா மகளுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்ததைச் சொல்கிறேன். இரண்டு ஷால், மூன்று டாப், மூன்று பேண்ட். அவள் முதலில் வாங்கிய ஐந்து செட் என்பது பதினைந்து உருப்படி.

முதல் ஷால் காட்டன் கலம்காரி. கோரா வெள்ளைத் தரை, செங்கல் சிவப்பும் கடுகு மஞ்சளும் கறுப்பும் கலந்த கொடி. இரண்டாவது நேவி ப்ளூவில் வெள்ளைப் புள்ளி வைத்த சுங்குடி. இரண்டும் காட்டன் என்பதால் ஏசி குளிரில் போர்த்திக்கொள்ளவும் உதவும். டாப் மூன்றும் ஒற்றை நிறம்: கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, வெளிர் ஆகாய நீலம். பேண்டில் கோரா வெள்ளை இரண்டு, நேவி ஒன்று. நேவி பேண்டுக்குச் சுங்குடி ஷாலைக் கையில் வைத்துக்கொண்டே அலைந்தோம், ஏனென்றால் நேவியிலும் கறுப்புப் பக்கம் சாய்ந்தது, ஊதாப் பக்கம் சாய்ந்தது என்று இரண்டு இருக்கின்றன.

திங்கள்கிழமை கடுகு மஞ்சள் டாப், நேவி பேண்ட், சுங்குடி. ஷாலின் நிறம் பேண்டில் திரும்ப வருகிறது, கருப்பு வெள்ளைப் படத்தில் டாப்பும் ஷாலும் நன்றாக விலகி நிற்கின்றன. செவ்வாய் செங்கல் சிவப்பு டாப், கோரா வெள்ளை பேண்ட், கலம்காரி. ஷாலின் தரை நிறமே பேண்ட், டாப்பின் நிறம் கொடிக்குள் இருக்கிறது. புதன் ஆகாய நீல டாப்புக்கு நேவி பேண்டும் சுங்குடியும். ஒரே நீலக் குடும்பம், ஆனால் ஒன்று வெளிர், மற்றது அடர்த்தி. வியாழன் கடுகு மஞ்சள் டாப் மறுபடி, இந்த முறை கோரா வெள்ளை பேண்ட், கலம்காரி. திங்கள்கிழமை போட்ட அதே டாப் என்று கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். வெள்ளி ஆகாய நீல டாப், கோரா வெள்ளை பேண்ட், சுங்குடி.

வெள்ளிக்கிழமை ஜோடிதான் எங்களைச் சற்றே அலைக்கழித்தது. முதலில் எடுத்துப் பார்த்த சுங்குடியில் புள்ளிகள் பளீர் வெள்ளை, கோரா பேண்டுக்குப் பக்கத்தில் பேண்ட் அழுக்காகத் தெரிந்தது. வேறொரு சுங்குடியில் புள்ளி பால் வெள்ளையாக இருந்தது, அது பொருந்தியது. செங்கல் சிவப்பு டாப்புக்குச் சுங்குடி போடும் ஜோடியை, முன்பு சொன்ன சாம்பல் சோதனையில் தோற்றதால், பட்டியலில் சேர்க்கவே இல்லை. ஆகாய நீலத்துக்குக் கலம்காரியும் அப்படித்தான். இரண்டும் வெளிர், கொடியிலும் நீலம் இல்லை. மூன்று டாப்பும் இரண்டு ஷாலும் எல்லாத் திசையிலும் சேர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நான்கு ஜோடி தேறினாலே, ஒன்றைப் பேண்ட் மாற்றி இரண்டு நாள் போட்டு, வாரம் ஓடிவிடும்.

சுங்குடியை முதல் மூன்று முறை தனியாக அலசினாள். மூன்றாவது முறை தண்ணீர் தெளிந்து வந்தது, அதன்பிறகுதான் ஆகாய நீல டாப்பின் மேல் போட்டாள்.

அலமாரியில் கிடந்த மூன்று செட்டையும் பிரித்தோம். வெளுத்த கத்தரிப்பூ டாப் இப்போது வெளிர் கத்தரிப்பூ, அதன் சொந்த ஷால் அடர்ந்த கத்தரிப்பூ. அதே ஷாலையும் அதே நிறத்தில் தங்கியிருந்த பேண்டையும் கோரா வெள்ளை டாப் ஒன்றோடு சேர்த்தோம், வெளுத்த டாப்பை நேவி பேண்டுக்கும் சுங்குடிக்கும் கொடுத்தோம். பச்சை செட்டில் ஷிஃபான் ஷாலை விலக்கிவிட்டு, பச்சையும் வெள்ளையும் கலந்த அச்சில் ஒரு காட்டன் ஷால் தேடிக்கொண்டிருக்கிறாள். மெரூன் ஷாலை ஏழு முறை அலசியும் கைக்குட்டையில் நிறம் வருகிறது. அதைக் கறுப்பு டாப்புக்கு மட்டும், மெரூன் பேண்டோடு, வெள்ளிச் சரிகைக் கரை வெளியே தெரியும்படி மடித்துப் போடுகிறாள்.